மெத்தை வாங்குமுன் கேட்கும் கேள்விகள்: டர்பன் வாடிக்கையாளர்களுக்கான பதில்கள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கத்திலிருந்து எங்கள் கடைக்கு வருபவர்களும், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கே புதிதாகக் குடித்தனம் வைப்பவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். மெத்தை விற்கிறவர்கள் எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படியுங்கள். இதில் சொல்லியிருக்கும் சோதனைகளை எந்தக் கடையிலும் செய்து பார்க்கலாம்.

அண்ணா, ஒரே விலையில் ரெண்டு பார்த்தேன். ஒன்று 32 செ.மீ. தடிமன், இன்னொன்று 24 செ.மீ. தடிமனானதுதானே நல்லது?

அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒரே விலையில் தடிமனாகத் தெரிவதுதான் சீக்கிரம் அமுங்கும். ஸ்பிரிங் மெத்தையின் உயரத்தில் மூன்று பங்கு இருக்கிறது: அடியில் ஸ்பிரிங், அதற்கு மேல் ஃபோம், அதற்கும் மேல் துணியோடு சேர்த்துத் தைத்த மெல்லிய பஞ்சு. பார்வைக்கு உயரம் காட்ட மலிவான வழி, மேல்பங்கில் மெதுவான பஞ்சை அடுக்கித் தலையணை மாதிரி தைத்துவிடுவது. கடையில் உட்கார்ந்தால் சுகமாக இருக்கும். சில மாதங்களில் அந்தப் பஞ்சு படுத்த இடத்தில் மட்டும் அமுங்கி, நடுவில் மேடும் இருபுறம் பள்ளமுமாக நிற்கும். ஸ்பிரிங் ஒன்றும் கெட்டிருக்காது, அதனால் புகார் கொண்டுபோனாலும் எடுபடுவது கஷ்டம்.

விற்பவரிடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: "ஸ்பிரிங்குக்கு மேலே என்ன ஃபோம், எத்தனை செ.மீ., என்ன டென்சிட்டி?" பதில் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். "லக்ஷுரி கம்ஃபர்ட் லேயர்" என்று மட்டும் பதில் வந்தால், அடுத்த மெத்தையைப் பாருங்கள்.

ஃபோம் மெத்தை எல்லாமே பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது. டென்சிட்டி என்கிறார்கள். வாங்குகிற நமக்கு அது எப்படித் தெரியும்?

எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கிறது என்ற கணக்குதான். பலர் இதைக் கெட்டித்தன்மை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரெண்டும் வேறு. லேசான ஃபோமையும் கெட்டியாகச் செய்ய முடியும், கனமான ஃபோமை மெதுவாகவும் செய்ய முடியும். படுக்கும்போது உடம்புக்குத் தெரிவது கெட்டித்தன்மை. அந்தக் கெட்டித்தன்மை எத்தனை வருஷம் அப்படியே நிற்கும் என்பதைச் சொல்வது டென்சிட்டி.

போன மாதம் ஒரு அம்மா தன் மாமியாருக்காக சிங்கிள் மெத்தை பார்த்துக்கொண்டிருந்தார். வேறு கடையில் வாங்கிய ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்தார், எங்களிடம் இருந்ததைவிட விலை மலிவு. இரண்டுமே 91 செ.மீ. அகலம், 188 செ.மீ. நீளம், 15 செ.மீ. தடிமன். மீட்டரில் பெருக்கினால், 0.91 × 1.88 × 0.15, ஏறக்குறைய 0.257 கன மீட்டர். குளியலறைத் தராசில் முதலில் வெறுமனே நின்று, அப்புறம் மெத்தையைத் தூக்கிக்கொண்டு நின்று, வித்தியாசத்தை எடுத்தோம். அவர் கொண்டுவந்தது 5 கிலோ. உறைக்கு ஒரு கிலோ கழித்தால் ஃபோம் 4 கிலோ. 4-ஐ 0.257-ஆல் வகுத்தால் 15 அல்லது 16 வரும். அதாவது ஒரு கன மீட்டருக்கு 16 கிலோகூட இல்லை. அது விருந்தாளி வந்தால் விரிக்கிற மெத்தை. நாள்தோறும் படுக்கிற பெரியவருக்கு ஒரு வருஷத்தில் இடுப்பு வைக்கும் இடம் குழிந்துவிடும். எங்களுடையது உறையைக் கழித்து 7.2 கிலோ, கணக்குப்படி 28. பெரியவர்கள் தினமும் படுக்க 25-க்கு மேல் இருக்கட்டும். உடம்பு கனமாக இருந்தால் 30-க்கு மேல் பாருங்கள். மெமரி ஃபோமுக்கு இந்த அளவு பொருந்தாது, அதில் நல்லது 45, 50 என்று தொடங்கும்.

இந்த எடைக் கணக்கை ஏமாற்ற ரெண்டு வழி உண்டு. ஒன்று, ஃபோம் செய்யும்போதே சுண்ணாம்புப் பொடி கலந்து கனமாக்குவது. ஜிப்பைத் திறந்து ஓரத்தை விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும், அழுத்திவிட்டால் மெதுவாகவே எழும்பும். இன்னொன்று, துண்டு ஃபோம்களை ஒட்டி அழுத்திச் செய்த சிப் ஃபோம். அது பல நிறப் புள்ளியோடு இருக்கும், கல் மாதிரி கனக்கும். அதை மோசம் என்று சொல்லமாட்டேன், அடித்தளத்துக்கு நன்றாகவே உதவும். ஆனால் அதன் எடையை வைத்து டென்சிட்டி கணக்குப் போட்டு "ஆஹா 80" என்று சந்தோஷப்படக் கூடாது. ஜிப் இல்லாத, சுற்றிலும் தைத்து மூடிய ஃபோம் மெத்தையென்றால், உள்ளே என்ன என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்து பாயில் படுத்த நாட்களில் முதுகுவலியே இல்லை. அப்போ இருப்பதிலேயே கெட்டியானதை வாங்கிவிடலாமா?

விரத நாட்களில் சாப்பாடு, வேலை, தூங்கும் நேரம் எல்லாமே மாறிவிடுகிறது, மாறியது படுக்கை மட்டும் இல்லை. உங்கள் பழைய மெத்தை குழிந்திருந்தால், அதைவிடச் சமமான தரை சுகமாகத்தான் தெரியும். அதனால் குழியாத மெத்தை வேண்டும் என்பது சரி. இருப்பதிலேயே கெட்டியானது வேண்டும் என்று ஆகாது.

இதை ஸ்பெயினில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாள்பட்ட இடுப்புவலி இருந்த 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டியான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் பார்த்தார்கள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. "ஆர்த்தோபீடிக்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருப்பது மருத்துவர் கொடுத்த சான்று இல்லை, கம்பெனி வைத்த பெயர். வழக்கமாக அதற்கு "கெட்டியானது" என்றுதான் அர்த்தம்.

கடையில் இப்படிச் சோதியுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே பத்து நிமிஷம் படுங்கள். வெட்கப்பட வேண்டாம், விளிம்பில் உட்கார்ந்து கையால் அழுத்திப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. மல்லாந்து படுப்பவர் இடுப்பு வளைவுக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. கை நுழையவே இல்லையென்றால், இடுப்பு உள்ளே போய்விட்டது, மெத்தை மெது. உரசிக்கொண்டு போனால் சரி. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள்தான் கணக்கு: தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே இறங்கி, முதுகெலும்பு நேராக நிற்க வேண்டும். கூட வந்தவரைப் பின்னால் நின்று கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள், கோணல் உடனே தெரியும். ஒருக்களித்துப் படுக்கும் மெலிந்தவருக்குக் கெட்டி மெத்தை வாங்கிக் கொடுத்தால், காலையில் தோளும் கையும் மரத்துப்போய் எழுந்திருப்பார்.

மருந்துக்கும் அடங்காத வலி, கால்வரை இறங்கும் வலி என்றால் மெத்தைக் கடைக்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

நான் 104 கிலோ. மனைவி 58 கிலோ. எனக்கு எது சரியோ அது அவளுக்குப் பாறை, அவளுக்கு எது சரியோ அதில் நான் மூழ்கிவிடுகிறேன். ராத்திரி நான் திரும்பினால் அவள் விழித்துக்கொள்கிறாள். என்ன வாங்குவது?

வாரத்துக்கு ஒரு ஜோடியாவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் லேபிளைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் மெத்தை விளம்பரங்களில் "ஒருவருக்கு 90 கிலோ", "ஒருவருக்கு 120 கிலோ" என்று போட்டிருப்பார்கள். அது இருவரின் கூட்டுத்தொகை இல்லை, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி. உங்கள் வீட்டில் சராசரி 81 கிலோ என்று கணக்குப் போட்டு 90 கிலோ மெத்தை வாங்கினால், உங்கள் பக்கம் சீக்கிரமே போய்விடும். கனமானவரின் எடையைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் விளிம்பில் நிற்கக் கூடாது. 104-க்கு 110 போதாது, 130 அல்லது அதற்கு மேல் பாருங்கள்.

அப்புறம் அசைவு. பழைய பாணி போனல் ஸ்பிரிங்கில் எல்லாச் சுருள்களும் கம்பியால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கமும் இழுபடும். கனமானவர் பக்கமாக மற்றவர் சரிந்து வருவதும் இதனால்தான். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருப்பதால் அதனதன் பாரத்தை அது அது தாங்கும். கடையில் ஒருவர் படுத்திருக்க, மற்றவர் தொப்பென்று படுத்துப் புரண்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆனால் பாக்கெட் ஸ்பிரிங் அசைவைத்தான் குறைக்கும், ஒரே மெத்தை ரெண்டு கெட்டித்தன்மையைத் தராது. உங்கள் 46 கிலோ வித்தியாசத்துக்கு நான் சொல்வது வேறு வழி. இங்கே கிங் சைஸின் அகலம் 183 செ.மீ., சிங்கிளின் அகலம் 91 செ.மீ. ரெண்டு சிங்கிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 182. அதாவது கிங் பேஸ் என்கிற, மெத்தைக்கு அடியில் வைக்கும் பெட்டி மீது ஆளுக்கொரு சிங்கிள் மெத்தை கச்சிதமாக உட்காரும். உங்களுக்குக் கெட்டி, 130 கிலோ வரை தாங்கும் பாக்கெட் ஸ்பிரிங். அவர்களுக்கு நடுத்தரம் அல்லது கொஞ்சம் மெது. ரெண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், இதை மட்டும் அளக்காமல் வாங்கிவிடாதீர்கள். மேலே கிங் அளவில் 4 அல்லது 5 செ.மீ. டாப்பர் ஒன்றைப் போட்டுக் கிங் விரிப்பை இறுக்கிவிட்டால் நடு இடுக்கு உடம்புக்குத் தெரியாது. நீங்கள் திரும்பினாலும் அவர்கள் மெத்தை அசையாது. பிற்பாடு உங்கள் பக்கம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இடம் போதுமா என்பது அடுத்தது. இப்படி வந்த ஒரு ஜோடியின் அறை அகலம் 2.9 மீட்டர். 183 போனால் 107 மிச்சம், ஒரு பக்கத்துக்கு 53 செ.மீ. நடக்கலாம், ஆனால் அலமாரிக் கதவு முழுசாகத் திறக்காது. அவர்கள் கட்டிலைச் சுவர்ப்பக்கம் 20 செ.மீ. நகர்த்தி, அலமாரிப் பக்கம் அதிக இடம் விட்டுக்கொண்டார்கள். அதற்கும் இடமில்லாத வீடென்றால் 152 செ.மீ. க்வீன் வாங்கி, கனமானவருக்கு ஏற்ற கெட்டியில் மெத்தையைத் தேர்ந்து, மனைவி பக்கம் மட்டும் 76 செ.மீ. அகல மெது டாப்பர் வெட்டிப் போடலாம். விளிம்பில் ஒரு சின்ன மேடு இருக்கும், இருந்தாலும் தூக்கம் வரும். 137 செ.மீ. டபுளில் நீங்கள் இருவரும் படுத்தால் ஆளுக்கு 68 செ.மீ.தான். அதில் எந்த மெத்தையும் உங்களுக்கு உதவாது.

ஜோபர்க்கில் தம்பி வீட்டு மெமரி ஃபோம் அருமையாக இருக்கிறது. அதையே டர்பனுக்கு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதே சுகம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மெமரி ஃபோம் சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். ஜோபர்க் குளிர்கால ராத்திரியில் முதலில் கெட்டியாக இருந்து, உடம்புச் சூடு ஏற ஏற மெதுவாக வாங்கிக்கொள்ளும். டர்பனில் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் அது ஏற்கெனவே இளகித்தான் இருக்கும், படுத்ததும் ஆழமாக வாங்கிவிடும். உடம்பைச் சுற்றி அணைத்துக்கொள்வதால் காற்று புகாது, வியர்க்கும். ஏசி இல்லாத அறையென்றால் பாக்கெட் ஸ்பிரிங்குக்கு மேல் சாதாரண ஃபோம் அல்லது லேடெக்ஸ் போட்டதுதான் தோது. ஸ்பிரிங் இடுக்குகளில் காற்று ஓடும். "கூலிங் ஜெல்" என்பது தொட்டவுடன் குளிர்ச்சி தரும், ராத்திரி முழுக்க நிற்காது.

பேஸ் நன்றாகத்தான் இருக்கிறது. மெத்தையை மட்டும் மாற்றினால் போதாதா? இல்லை, தரையிலேயே போட்டுக்கொள்ளலாமா?

பேஸ் உண்மையிலேயே நன்றாக இருந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ள, பழைய மெத்தையை எடுத்துவிட்டு வெறும் பேஸ் மீது நீளமான நேர்க்கட்டை ஒன்றைக் குறுக்கே வையுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் பலகை தொய்ந்துவிட்டது. புது மெத்தையும் அதே பள்ளத்துக்கு இறங்கும். முழங்காலை ஊன்றி அழுத்தினால் கிரீச் சத்தமோ ஆட்டமோ வந்தால் உள்ளே பட்டை உடைந்திருக்கும். சட்டங்கள் வைத்த கட்டிலென்றால் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் 7 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, ஃபோம் அதன் வழியே பிதுங்கும்.

தரை வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் உடம்பின் வியர்வை கீழே இறங்கிக் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் தங்கிவிடும். சில வாரம் கழித்து மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளிகள். அந்தப் பூஞ்சை துணியைத் தாண்டி ஃபோமுக்குள் போய்விட்டால் வெயிலில் போட்டாலும் போகாது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அந்த மெத்தையை வெளியே போட்டுவிடுவதே நல்லது. பேஸ் மீது போட்டாலும், காலையில் எழுந்ததும் உடனே போர்வையை மூடி அழகு பண்ணாமல் அரை மணி நேரம் திறந்து விடுங்கள்.

க்வீன் என்றால் எல்லாக் கடையிலும் ஒரே அளவுதானா?

அகலம் ஒன்றுதான், 152 செ.மீ. நீளம் 188, அல்லது எக்ஸ்ட்ரா லெங்த் என்றால் 200. உங்கள் உயரத்தோடு 15 செ.மீ. கூட்டிப் பாருங்கள், 173 செ.மீ.க்கு மேல் உள்ளவர் 200-ஐ எடுப்பது நல்லது. மெத்தையும் பேஸும் விரிப்பும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். மாடி வீடாக இருந்தால் பேஸை ரெண்டு பாதியாகத் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறுகலான படியில் முழு க்வீன் பேஸ் திரும்பாது, டெலிவரி ஆட்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

"5 வருட கேரண்டி, 10 வருட வாரண்டி" என்று போட்டிருக்கிறார்கள். அப்போ 15 வருஷமா?

இல்லை. இங்கே பெட் வியாபாரத்தில் வழக்கம் இப்படி: கேரண்டி காலத்தில் செய்முறைக் கோளாறு என்றால் இலவசமாகச் சரிசெய்து அல்லது மாற்றித் தருவார்கள். வாரண்டி காலத்தில் நீங்கள் பயன்படுத்திய வருஷங்களுக்கு ஏற்ப ஒரு பங்கைக் கட்ட வேண்டும், வருஷம் ஏற ஏற உங்கள் பங்கும் ஏறும். அந்த 10-க்குள்தான் 5-ம் அடங்கியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறும், சீட்டை வாங்கிப் படியுங்கள்.

பள்ளத்துக்கும் அளவு உண்டு. பல சீட்டுகளில் 2.5 முதல் 4 செ.மீ.க்குள் ஒரு எல்லை வைத்து, அதுவரையுள்ள பள்ளம் "சாதாரணப் படிவு" என்று இருக்கும், அதற்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். மெத்தையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நூலை இறுக்கிப் பிடித்து, ஆழமான இடத்தில் ரூலரை நிறுத்தி அளந்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இன்னொன்று, கறை. மூத்திரக் கறையோ தேநீர்க் கறையோ இருந்தால் ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் சுகாதாரக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு நல்ல ப்ரொடெக்டர் முதல் நாளிலிருந்தே போடுவது இதற்காகத்தான். பிளாஸ்டிக் சலசலப்பது வேண்டாம், காற்று புகுகிற துணி வகை வாங்குங்கள்.

சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தால் டெலிவரியான ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதை முடிவு செய்வது நீங்கள், கடைக்காரர் இல்லை. ஆனால் "எனக்குக் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது" என்பது குறை ஆகாது. கடையில் பத்து நிமிஷம் படுக்கச் சொன்னது அதனால்தான்.

ஆன்லைனில் வாங்கினால்?

பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லச் சட்டத்தில் இடமுண்டு, திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. சுருட்டி அடைத்து வரும் மெத்தையைப் பிரித்துவிட்டால் மறுபடி பெட்டிக்குள் போகாது. எனவே யார் வந்து எடுப்பார்கள், எவ்வளவு கேட்பார்கள் என்பதை வாங்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அளவுக்கென்று வெட்டிச் செய்ததற்கு இந்த ஏழு நாள் கிடையாது.

சரி அண்ணா, உங்கள் கடையில் எதைச் சொல்வீர்கள்?

டர்பன் வீட்டுக்கு, நடுத்தர எடையுள்ள தம்பதிக்கு என்றால் எங்களிடம் உள்ள 26 செ.மீ. பாக்கெட் ஸ்பிரிங். மேலே 32 டென்சிட்டியில் 4 செ.மீ. ஃபோம், தலையணைத் தையல் இல்லை, ஒருவருக்கு 130 கிலோ. நடுத்தரத்திலும் கெட்டியிலும் ஒரே உயரத்தில் வருவதால், மேலே சொன்ன ரெண்டு சிங்கிள் யோசனைக்கும் பொருந்தும். உறையைத் திறந்து காட்டுவதற்கென்றே ஒரு மாதிரி வைத்திருக்கிறோம், தராசும் பக்கத்திலேயே இருக்கிறது. முழுப் பணம் கையில் இல்லையென்றால் லே-பை போட்டுத் தவணையாகக் கட்டலாம், கட்டி முடிக்கும்வரை பொருள் உங்கள் பெயரில் எங்களிடம் இருக்கும், வட்டி இல்லை. மெமரி ஃபோமே வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு எங்களிடம் இப்போது நல்லது இல்லை, வேறு கடையில் பாருங்கள். வரும்போது அறையின் அளவையும், மாடியானால் படியின் அகலத்தையும் குறித்துக்கொண்டு, படுக்கப்போகிற இருவருமே வாருங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கூட்டம் இருக்கும், வார நாளில் வந்தால் நிதானமாகப் படுத்துப் பார்க்கலாம்.